வாழை இலைச் சோற்றுப் படத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி: நடுவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தீபாவளியை ஒட்டியோ கோயில் திருவிழாவை ஒட்டியோ தோட்டப் பட்டணங்களில் உணவுப் படப் போட்டி வைத்தால், வந்து சேரும் படங்களில் வாழை இலைச் சோறு இருந்தே தீரும். சுங்கை சிப்புட்டோ பீடோரோ, கடைத்தெருவில் நடுப்பகல் சாப்பாடு என்றால் அதுதான். நடுவராக உட்கார்பவருக்கு அதைவிடச் சிக்கலான படமும் கிடையாது. வெள்ளைச் சோறு, கரும்பழுப்பான ஆட்டிறைச்சிப் பெரட்டல், மினுக்கும் பச்சை இலை, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற எவர்சில்வர் டம்ளர் என நான்கும் ஒரே சட்டத்துக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாக வாங்குகிறது. ஒன்றைத் தூக்கிக் காட்டும் வெளிச்சம் இன்னொன்றை வெளிறடித்துவிடும். அதனால் இங்கே அந்த ஒரு இலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எதை முதலில் பார்ப்பது, எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று போவோம்.

உட்காரும் முன்

எல்லாப் படங்களையும் ஒரே திரையில் பாருங்கள். திரையின் வெளிச்ச அளவை ஒரு தடவை வைத்துவிட்டு, முடியும்வரை மாற்றாதீர்கள். இரவு நேரத்துக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் நீலம் பாய்ந்த சோறுகூட உங்கள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், கெட்ட படம் தப்பித்துவிடும். நீங்களும் பசியாறிவிட்டு உட்காருங்கள். வெறும் வயிற்றோடு பார்ப்பவருக்கு ஆறிப்போன குழம்பும் நாவூறும்.

முதல் சுற்றில் படத்தைப் பெரிதாக்க வேண்டாம். தீப்பெட்டி அளவில் வைத்து மூன்று விநாடி பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். கண் முதலில் எங்கே போய் நின்றது என்பதை ஒரே சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்: இறைச்சி, சோறு, டம்ளர், மேசை விரிப்பு, எதுவாக இருந்தாலும். பக்கத்து நடுவரிடம் இப்போது பேசக் கூடாது. இந்த ஒரு சொல் கடைசியில் தேவைப்படும்.

முதலில் விளக்கைத் தேடுங்கள்

அலங்காரத்தையோ அழகையோ பார்க்கும் முன், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். இலையை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் 6 மணியில் நிற்கிறது. இலைக்கு நேர் பின்னால் 12. இப்போது டம்ளரின் நிழலைப் பாருங்கள். நிழல் 4 மணிப் பக்கம் சாய்ந்திருந்தால் வெளிச்சம் 10 மணியிலிருந்து வந்திருக்கிறது. டம்ளர் இல்லாத படத்தில் அப்பளத்தின் விளிம்பும் சோற்றுக் குவியலும் அதே வேலையைச் செய்யும்.

6 மணியிலிருந்து வந்த வெளிச்சம் என்றால் பெரும்பாலும் பிளாஷ். அதில் நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் இறைச்சித் துண்டின் மேடு பள்ளம் தெரியாது. பெரட்டல் ஒரு பழுப்புத் திட்டாகப் படுத்துவிடும். அதன்மேல் ஊசி முனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருக்கும். துண்டுகளில் கேமராவைப் பார்த்திருக்கும் சின்னச் சின்னப் பரப்புகள் பிளாஷை அப்படியே திருப்பி அனுப்புவதால் வரும் புள்ளிகள் அவை. அவற்றை எண்ணெய்ப் பளபளப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம். எண்ணெயின் மினுக்கு புள்ளியாக நிற்காது. மசாலாவின் வளைவோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போய் மெல்ல மங்கும்.

அந்த மினுக்கு வருவதற்கு வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். பின்னாலிருந்து சாய்வாக வரும் ஒளி, குழம்பின் ஈரப் பரப்பில் பட்டு, வந்த கோணத்திலேயே முன்னோக்கித் தெறித்துக் கேமராவுக்குள் விழுகிறது. ஈரம் கண்ணுக்குத் தெரிவது இந்தத் தெறிப்பால்தான். அதனால்தான் கறி, குழம்பு, சம்பால் என்று ஈரமான எல்லாவற்றுக்கும் 10 முதல் 2 வரையிலான வெளிச்சம் ஒத்துப்போகிறது.

ஆனால் வாழை இலையில் நேர் 12 மணி வெளிச்சம் ஆபத்தானது. இலை மெழுகு பூசியது போல வழவழப்பானது, மட்டமாகக் கிடப்பது. பின்னால் நேராக இருக்கும் வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்கு அனுப்பிவிடும். பச்சை போய் இலை பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடக்கும். வெளிச்சம் 10 மணியிலோ 2 மணியிலோ இருந்தால், மட்டமான இலையில் பட்ட ஒளி கேமராவைத் தாண்டிப் பக்கவாட்டில் போய்விடுகிறது. மேடும் பள்ளமுமான இறைச்சியிலோ எங்காவது ஒரு சரிவு கேமராவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் பெரட்டல் மினுங்கும், இலை பச்சையாகவே இருக்கும். இந்தக் கோணத்தைப் பிடித்த படத்தை எடுத்தவர் வேலை தெரிந்தவர். வெளிச்ச மதிப்பெண்ணில் தாராளமாக இருங்கள்.

சிலர் போலரைசர் கண்ணாடியைப் போட்டு இலையின் வெளுப்பை எடுத்துவிடுவார்கள். எடுத்தது தெரியும். இலை ஆழ்ந்த பச்சையாக, வெல்வெட் துணி போல இருக்கும். பக்கத்திலேயே இறைச்சி மண்சட்டி ஓடு போல வறண்டு கிடக்கும். போலரைசர் இலையின் மினுக்கை மட்டும் தனியாக எடுப்பதில்லை, எண்ணெயின் மினுக்கையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

எந்த நேரம், எந்த இடம்

திசைக்கு அடுத்தது உயரம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982 சனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அதனால் நம் ஊர்களில் சூரியன் மிக உயரத்துக்கு வருவது 12 மணிக்கு அல்ல, பகல் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில். வாழை இலைச் சாப்பாடு பரிமாறும் நேரமும் அதுதான். அந்நேரத்தில் வெட்டவெளியில் எடுத்த படத்தில் நிழல் எந்தப் பக்கமும் நீளாது. ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலேயே கரும்புள்ளியாகத் தேங்கி நிற்கும். சோற்றின் உச்சி எரிந்துபோன வெள்ளையாக இருக்கும், இறைச்சியின் பக்கங்கள் கரியாக இருக்கும். கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுத்திருந்தால், எடுத்தவரின் கை நிழலே இலையின் ஓரத்தில் விழுந்திருக்கும். அந்த ஓரத்தை ஒரு முறை தேடிப் பாருங்கள்.

பழைய கடைவரிசைகளின் அஞ்சடி நடைபாதை இதற்கு நேர்மாறு. மேலே கூரை, உள்ளே கடைச்சுவர், வெளிச்சம் வருவது தெருப்பக்கம் ஒன்றிலிருந்துதான். அஞ்சடியில் போட்ட மேசையின்மேல் எடுத்த படத்தில் நிழலுக்குத் தெளிவான ஒரு திசையும் மென்மையான ஓரமும் இருக்கும். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் நேர் வெயில். பஞ்சு போலக் கரைந்தால் பரந்த வெளிச்சம். இலைச் சோற்றுக்குப் பரந்த வெளிச்சமே மேல், ஏனென்றால் சோறும் பெரட்டலும் ஒரே படத்தில் தப்பிக்க அதுதான் வழி.

டம்ளருக்கு இரண்டு நிழல் இருந்தால் வெளிச்சமும் இரண்டு. ஒன்று தெருவிலிருந்து, இன்னொன்று கடையின் டியூப் லைட். அந்த இரண்டு நிழலின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று நீலமாகவும் ஒன்று மஞ்சளாகவும் இருந்தால் நிறத்தை எப்படித் திருத்தினாலும் இலையின் ஒரு பாதி கெட்டுப்போகும். ஒட்டுக்கடைகளில் இன்னொரு தொல்லை, மேலே கட்டிய கேன்வாஸ். நீலக் கேன்வாஸின் அடியில் வைத்த சாப்பாடு முழுக்க நீலம் பாயும், பெரட்டல் ஈரல் நிறத்துக்குப் போய்விடும். ஆரஞ்சுக் கேன்வாஸ் அவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனாலும் சோறு பிரியாணி போலத் தெரியும்.

சோறு சொல்லும் சாட்சி

இப்போது படத்தைப் பெரிதாக்கிச் சோற்றுக்கு வாருங்கள். குவியலில் வெளிச்சம் அதிகம் படும் இடத்தில் பருக்கை பருக்கையாகப் பிரிந்து தெரிகிறதா? தெரிந்தால் ஒளியின் அளவு சரி. பருக்கைகள் ஒன்றாகி வெள்ளைக் காகிதத் துண்டு போல இருந்தால் ஒளி மிஞ்சிவிட்டது, அந்த இடத்தில் எந்த விவரமும் பதியவில்லை, பிறகு திருத்தினாலும் வராது. சோறு சாம்பலாக இருந்தால் குற்றம் வேறு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு இழுக்கப் பார்க்கும். சட்டத்தில் சோறு அதிகம் இருந்து எடுத்தவர் திருத்தாமல் விட்டால் நேற்று வடித்த சோறு போல ஆகிவிடும்.

நிறத்தையும் சோற்றிலேயே பாருங்கள். குவியலின் அடியில் இலையை ஒட்டி மெல்லிய பச்சை தெரிவது இயல்பு, இலையிலிருந்து தெறித்த ஒளி அது. அதற்குக் குறை போட வேண்டாம். குவியலின் உச்சியும் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால்தான் வொயிட் பேலன்ஸ் தப்பு.

டம்ளரை இந்தக் கட்டத்தில் கிட்டத்தில் பாருங்கள். அதன் வளைந்த பக்கத்தில் படம் எடுத்த இடமே சுருங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் நீளமான பளிச்சென்ற பட்டை தெரிந்தால் அது தெருவெளிச்சம். எதிர்ப்பக்கம் மங்கலான வெள்ளைச் சதுரம் தெரிந்தால், எடுத்தவர் வெள்ளை அட்டை ஒன்றை வைத்து இறைச்சியின் இருண்ட பக்கத்துக்கு ஒளி திருப்பியிருக்கிறார். நல்ல வேலை. நடுவில் கைப்பேசியும் இரண்டு முழங்கையும் தெரிந்தால் அது கவனக்குறைவு.

பெரட்டலும் ஆறிப்போகும் நேரமும்

இலை அலங்காரத்தில் பாதி, நேரத்தோடு நடக்கும் ஓட்டம். தட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று படமே சொல்லிவிடும். ஆட்டுக் கொழுப்பு கோழிக் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறைவது. பெரட்டலின் ஓரத்தில், மசாலா இலையைத் தொடும் இடத்தில், மெழுகு படிந்தது போல வெளிறிய படலம் இருந்தால் சாப்பாடு ஆறிவிட்டது. பருப்புக் குழம்பின் மேல் ஆடை கட்டி, அது சுருங்கிய கோடுகள் தெரியும். அப்பளம் நம் ஊர் ஈரக்காற்றில் தளர்ந்து ஓரம் தொங்கும். சுடுசோற்றின் அடியில் இலை மங்கிய ஒலிவப் பச்சைக்கு மாறியிருக்கும். இவற்றில் ஒன்று இருந்தால் பொறுக்கலாம். மூன்று இருந்தால் எவ்வளவு நல்ல வெளிச்சமும் அந்தப் படத்தைச் சாப்பிட வைக்காது.

நல்ல பெரட்டலில் எண்ணெய் மசாலாவிலிருந்து பிரிந்து ஓரத்தில் செம்பழுப்பாகக் கசிந்திருக்கும், மசாலா துண்டைக் கவ்வியிருக்கும், கறிவேப்பிலை சுருண்டிருந்தாலும் பச்சை போகாமல் இருக்கும். எலும்பு தெரியும் ஒரு துண்டாவது முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது ஆடா சோயாவா என்ற சந்தேகம் வரும். கூர்மை விழ வேண்டிய இடமும் அந்த முன் துண்டின் முன் விளிம்புதான். பின்னால் இருக்கும் பாகற்காய் கூர்மையாக இருந்து முன் துண்டு மங்கலாக இருந்தால் அலங்காரத்தில் குறையுங்கள். கைப்பேசியின் பின்னணி மங்கல் வசதியைப் போட்டவர்களின் படத்தில் அப்பளத்தின் விளிம்பைப் பாருங்கள். பாதி வளைவு கூர்மையாகவும் மீதி காரணமில்லாமல் கரைந்தும் இருக்கும்.

எடுக்கும் முன் இறைச்சிமேல் தூரிகையால் எண்ணெய் தடவுவது வழக்கமான வேலை, அதில் ஏமாற்று இல்லை. அளவு மீறினால்தான் குறை. பாகற்காய் வறுவலும் முட்டைக்கோஸும் பெரட்டலைப் போலவே மினுங்கினால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடவிவிட்டார் என்று அர்த்தம். மொறுமொறுப்பாக இருக்க வேண்டியது மங்கலாகவும் ஈரமாக இருக்க வேண்டியது மினுக்காகவும் இருக்கும்போதுதான் இரண்டின் ருசியும் கண்ணில் பிரிந்து தெரியும். தண்ணீர் தெளிப்பது வேறு கதை. எண்ணெய் மசாலாமேல் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும், இறைச்சிக்கு வியர்த்தது போல இருக்கும்.

சாப்பாட்டுக்குள் சாப்பாடல்லாததை ஒளித்து வைத்திருந்தால் படத்தைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் ஒரு சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறிகளை மேலே நிறுத்தினார்கள். அங்குள்ள வணிக ஆணையம் அதை ஏமாற்று என்று நிறுத்த வைத்தது. சோற்றுக் குவியல் இயல்புக்கு மீறிச் செங்குத்தாக நின்றால் அடியில் கிண்ணம் கவிழ்த்திருக்கிறதா என்று எடுத்தவரையே கேட்டுவிடுங்கள்.

இலை போட்ட விதம் நம் வாசகர் கண்ணில் உடனே படும். சாப்பிடுபவருக்கு நுனி இடப்பக்கம், கறிவகைகள் மேல்பாதி, சோறு கீழ்ப்பாதி. படத்தில் நுனி வலப்பக்கம் இருந்து காய்கறிகளும் கேமராவை ஒட்டி இருந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். பரிமாறியதில் பிழையில்லை, ஆனாலும் பார்ப்பவருக்கு அது அடுத்தவர் இலையாகவே தோன்றும். நுனி மட்டும் வலப்பக்கம் இருந்து மற்றவை முறைப்படி இருந்தால் இலையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அல்லது படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருக்கிறார்கள். பின்னால் கடைப்பலகை எழுத்து ஏதாவது இருந்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

துணைப்பொருள்கள்

இதற்கு ஒரே சோதனை போதும். திரையில் அந்தப் பொருளைக் கட்டைவிரலால் மறையுங்கள். மறைத்ததும் படம் மேலானால் அந்தப் பொருள் வேண்டாதது. ஏதோ குறைந்தது போல் இருந்தால் அது தேவை. ரசம் வைத்த டம்ளர், தயிர்க் கிண்ணம், ஊறுகாய் எல்லாம் சாப்பாட்டோடு வருபவை. மேசைமேல் கொட்டிய காய்ந்த மிளகாயும் மஞ்சள் கிழங்கும் அப்படி வருபவை அல்ல, சாப்பிடப்போகும் இலைக்குப் பக்கத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

இரண்டு படங்கள், ஒரு தீர்ப்பு

100 மதிப்பெண்ணை நாங்கள் இப்படிப் பிரிக்கச் சொல்வோம்: சாப்பிடத் தூண்டுவதற்கு 40, வெளிச்சத்துக்கு 30, அலங்காரத்துக்கு 20, துணைப்பொருளுக்கு 10. துணைப்பொருளுக்குக் குறைவாக வைத்த காரணம், அதில் உள்ள தவறை அடுத்த தடவை ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வெளிச்சத்தை அப்படிச் செய்ய முடியாது.

எடுத்துக்காட்டாக இரண்டு படங்களை வைத்துக்கொள்வோம். முதல் படம் கடைக்குப் பின்னால் வெட்டவெளியில், பகல் 1 மணிக்கு நேர் மேலிருந்து எடுத்தது. இலை முறையாகப் போட்டிருக்கிறது, மூன்று கறியும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன, அப்பளம் நிமிர்ந்திருக்கிறது. அலங்காரத்துக்கு 18. ஊறுகாயும் தயிரும் மட்டுமே துணை, 9. ஆனால் சோற்றின் நடுவில் பருக்கையே தெரியவில்லை, துண்டுகளுக்கு அடியில் கருந்திட்டு, வலது ஓரத்தில் கையின் நிழல். வெளிச்சத்துக்கு 10. பெரட்டல் பெரட்டல் மாதிரியே இல்லை, நிலக்கரி மாதிரி இருக்கிறது. தூண்டுதலுக்கு 16. மொத்தம் 53. முதல் சுற்றில் எழுதிய சொல் ‘சோறு’, அதாவது எரிந்துபோன வெள்ளை கண்ணை இழுத்திருக்கிறது.

இரண்டாவது படம் அஞ்சடியில், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் எடுத்தது. டம்ளரின் நிழல் 4 மணிப் பக்கம், ஓரம் மென்மை. முன் துண்டின் தோளில் எண்ணெய் மினுக்கு நீண்டு மங்குகிறது, இலை பச்சையாகவே இருக்கிறது. பின்பக்கம் டியூப் லைட்டின் மஞ்சள் சற்று கலந்திருப்பதால் வெளிச்சத்துக்கு 25. அப்பளத்தின் ஓரம் தொங்குகிறது, இலை எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறது, பாகற்காயும் மினுங்குகிறது. அலங்காரத்துக்கு 11. டம்ளர் இறைச்சியைவிடப் பளிச்சென்று முன்னால் நிற்கிறது, அதற்குள் எடுத்தவரின் முழங்கை தெரிகிறது. துணைப்பொருளுக்கு 4. ஆனாலும் அந்தத் துண்டை எடுத்துச் சோற்றோடு பிசையத் தோன்றுகிறது, தூண்டுதலுக்கு 33. மொத்தம் 73. முதல் சுற்றின் சொல் ‘டம்ளர்’.

கட்டைவிரலால் டம்ளரை மறைத்தால் இரண்டாவது படம் இன்னும் நான்கைந்து மதிப்பெண் ஏறும். ஆனால் வந்த படத்துக்குத்தான் மதிப்பெண், வெட்டியபின் எப்படி இருக்கும் என்பதற்கு இல்லை. அதைக் குறிப்புச் சீட்டில் எழுதுங்கள். ‘நன்று’, ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதினால் எடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘டம்ளரை இலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளுங்கள், உள்ளே எரியும் டியூப் லைட்டை அணையுங்கள், அப்பளத்தைக் கடைசியாக வையுங்கள்’ என்று எழுதுங்கள். முதல் படக்காரருக்கு ஒரே வரி போதும்: அதே இலையை அஞ்சடிக்குத் தூக்கிவந்து, தெரு உங்களுக்கு இடப்பக்கம், இலைக்குச் சற்றே பின்னால் இருக்கும்படி நின்று எடுங்கள்.